பாலாஜியா, ஸ்ரீ பாலாஜியா?

"மாமி, காஞ்சிபுரம் போகணும். நல்ல வண்டியா யார்கிட்ட சொல்லலாம்?"

"பாலாஜி டிராவல்ஸ்னு ஒருத்தர் இருக்காரே, அவர்கிட்ட சொல்லேன். தங்கமான பிள்ளை. சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே வந்து நிப்பார்."

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில், காய்கறிக் கடை ஓரத்தில் நடக்கும் பேச்சு இது. கேட்டுக்கொண்ட பெண்மணி அடையாறு வீட்டுக்குத் திரும்பி, கைபேசியில் 'பாலாஜி டிராவல்ஸ்' என்று தேடுகிறார். ஸ்ரீ பாலாஜி, ஓம் பாலாஜி, நியூ பாலாஜி, பாலாஜி கேப்ஸ் என்று ஒரு வரிசை வந்து நிற்கிறது. மாமியைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்கக் கூச்சம். முதலில் இருந்ததை அழைத்துவிடுகிறார். வண்டி அரை மணி நேரம் தாமதம், ஏ.சி. வேலை செய்யவில்லை. அடுத்த வாரம், "நீங்க சொன்ன பாலாஜி சரியில்லை மாமி" என்கிறார். மாமிக்குச் சங்கடம். இனி யாருக்கும் வண்டி சிபாரிசு செய்வதில்லை என்று முடிவெடுக்கிறார்.

இதில் அதிகம் இழந்தவர் அந்தத் தங்கமான பிள்ளைதான். அவருக்கு வர வேண்டிய சவாரி போனது. சிபாரிசு செய்துகொண்டிருந்த ஒரு வாயும் மூடிவிட்டது. இவ்வளவு நடந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. வண்டியில் குறையில்லை, ஓட்டுவதில் குறையில்லை. குறை பெயரில் இருந்தது.

இரண்டு மூன்று வண்டி வைத்து நடத்தும் உள்ளூர் டிராவல்ஸ், தொலைக்காட்சியில் விளம்பரம் செய்து வளர்வதில்லை. ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்குச் சொல்லித்தான் வளர்கிறது. ஆகவே அதன் பெயர் மூன்று இடங்களைத் தப்பாமல் கடக்க வேண்டும். முதலில் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்கு. பிறகு காதிலிருந்து கைபேசியில் தட்டும் விரலுக்கு. கடைசியாக, முன்பணம் அனுப்பும்போது திரையில் தெரியும் பெயருக்கு. மூன்று இடத்திலும் ஒரே பெயராக இருந்தால்தான், "இவர்தான் அவர்" என்ற நிம்மதி வரும்.

மந்தைவெளியில் ஒரு தம்பதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவர் பன்னிரண்டு ஆண்டு பிறர் வண்டி ஓட்டியவர். இப்போது சொந்தமாக ஒரு டிசையர், ஒரு எர்டிகா. மனைவி போனை எடுத்து, சவாரிகளை நோட்டில் எழுதுகிறார். விமான நிலையம், திருப்பதி, காஞ்சிபுரம், அடையாறு பக்கத்து மருத்துவமனைகள் என்று சவாரி. இவர்கள் பெயர் வைக்க உட்கார்ந்தால் என்னென்ன வரும் என்று பார்ப்போம்.

முதல் யோசனை: சாமி பெயர்

"கற்பகாம்பாள் டிராவல்ஸ்னு வைப்போம். அம்பாள் பார்த்துப்பா" என்கிறார் மனைவி. பக்தியில் தவறில்லை. ஆனால் மயிலாப்பூரில் கற்பகம், கபாலி என்ற பெயர்கள் மளிகைக்கடை முதல் மெஸ் வரை எங்கும் இருக்கும். பாலாஜி, முருகன், சாய் என்றால் தி.நகர், அடையாறு எல்லாம் சேர்ந்துகொள்ளும். முன்னால் ஸ்ரீ, ஓம், நியூ போட்டால் வேறாகிவிடும் என்று நினைக்கிறோம். கேட்பவர் மனது அந்த முன்னொட்டைத்தான் முதலில் உதிர்க்கிறது. மாமிக்கு எல்லாமே 'பாலாஜி'தான்.

நீதிமன்றங்களும் ஒரு பெயரை இப்படித்தான் பார்க்கின்றன. 'அமிர்ததாரா' என்ற மருந்துக்கும் 'லட்சுமண்தாரா' என்ற மருந்துக்கும் நடந்த வழக்கில், 1962-ல் உச்ச நீதிமன்றம், சாதாரண அறிவும் அரைகுறை ஞாபகமும் உள்ள வாடிக்கையாளர் இரண்டையும் குழப்பிக்கொள்வாரா என்றுதான் கேட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டால் வேறுதான். ஆனால் யாரும் அப்படிப் பக்கத்தில் வைத்து ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. குழப்பம் வரும் என்றே நீதிமன்றம் கருதியது. டிராவல்ஸ் பெயரையும் இதே அரைகுறை ஞாபகத்தை வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

சாமி பெயர் மட்டும் வேண்டாம் என்றால் மனசு கேட்காது. அதற்கு வழி எளிது. வண்டிக்குள் டாஷ்போர்டில் அம்பாள் இருக்கட்டும். போர்டில் வேறு பெயர் இருக்கட்டும்.

இரண்டாவது யோசனை: இனிஷியல்

"கே.பி.என். இல்லையா? ஏ.பி.டி. இல்லையா? நாமும் பிள்ளைகள் பேரில் மூன்று எழுத்து வைக்கலாமே" என்கிறார் கணவர். கே.பி.என். என்பது அதன் நிறுவனர் கே.பி.நடராஜனின் பெயரிலிருந்து வந்த எழுத்துக்கள். ஏ.பி.டி. என்பது பொள்ளாச்சியில் 1931-ல் தொடங்கிய ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட். டி.வி.எஸ். என்பது மதுரையில் பஸ் விட்ட டி.வி.சுந்தரம் அய்யங்கார். அந்த எழுத்துக்களுக்கு அர்த்தம் கொடுத்தவை, பல ஆண்டுகள் ஊர் ஊராக ஓடிய வண்டிகள். நெடுஞ்சாலையில் ஆயிரம் தடவை கண்ணில் பட்டதால் ஞாபகம் நின்றது.

இரண்டு வண்டிக்கு அந்த வசதி கிடையாது. ஒரு தடவை காதில் விழுந்த 'ஏ.எஸ்.கே.' மறுநாள் 'எஸ்.கே.ஏ.' ஆகிவிடும். எழுத்துக்களில் படமோ கதையோ இல்லாததால், வரிசையைப் பிடித்துக்கொள்ள மனதுக்குக் கொக்கி கிடைப்பதில்லை.

மூன்றாவது யோசனை: இங்கிலீஷ் பெயர்

கல்லூரியில் படிக்கும் மகள், "பெஸ்ட் கேப்ஸ்னு வையுங்கப்பா, ஸ்டைலா இருக்கும்" என்கிறாள். ஆங்கிலத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் அலுவலகமோ கடையோ திறந்தால், பெயர்ப் பலகையில் தமிழ்தான் முதன்மையாக இருக்க வேண்டும் என்பது கடைகள், நிறுவனங்கள் பற்றிய 1948-ம் ஆண்டு விதி. தமிழில் எழுதும்போதுதான் வேடிக்கை. நம் எழுத்தில் 'ப' ஒன்றுதான். B-க்கும் அதுவே, P-க்கும் அதுவே. 'க' ஒன்றுதான், K-க்கும் G-க்கும் அதுவே. 'பெஸ்ட் கேப்ஸ்' என்று எழுதினால் Best Cabs என்றும் படிக்கலாம், Pest Gaps என்றும் படிக்கலாம். கரப்பான்பூச்சிக்கு மருந்தடிக்கும் கம்பெனி என்று யாராவது நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. எந்த இங்கிலீஷ் பெயரானாலும் முதலில் தமிழில் எழுதி, அதைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் காட்டிப் படிக்கச் சொல்ல வேண்டும்.

பெயரின் இரண்டாவது சொல்லும் சும்மா இல்லை. இன்று உலகமே 'ஊபர்' என்று சொல்லும் நிறுவனம், சான்ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கியபோது 'ஊபர்கேப்' என்றுதான் பெயர். டாக்ஸி நிறுவனத்துக்கான உரிமம் இல்லாமல் டாக்ஸி நடத்துகிறார்கள் என்று 2010 அக்டோபரில் அதிகாரிகள் நோட்டீஸ் கொடுக்க, பெயரிலிருந்த 'கேப்' உதிர்ந்தது. நம் ஊரில் குழப்பம் வேறு மாதிரி. 'டிராவல்ஸ்' என்றால் கார் வாடகையும் அதுதான், ஆம்னி பஸ்ஸும் அதுதான், விமான டிக்கெட் போடும் இடமும் அதுதான். கார் மட்டும் விடுகிறவர் 'கார்ஸ்' என்றே வைத்துக்கொண்டால், "டெல்லிக்கு டிக்கெட் இருக்கா?" என்ற போன்கள் குறையும்.

நான்காவது யோசனை: பேட்டை பெயர்

'மயிலாப்பூர் டிராவல்ஸ்' என்று வைத்தால், எங்கிருந்து வண்டி வரும் என்பது பெயரிலேயே இருக்கிறது. விடியற்காலை மூன்றரை மணிக்கு விமான நிலையம் கிளம்ப வேண்டிய குடும்பத்துக்குப் பக்கத்துத் தெரு வண்டி என்பது பெரிய தைரியம். ஆனால் விரலில் வந்து இடிக்கிறது. Mylapore, Mylapur, Mayilapur என்று ஆளுக்கு ஒரு விதமாகத் தட்டுகிறார்கள். 2020 ஜூனில் தமிழக அரசு ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றியபோது Mayilaappoor என்றும் ஒன்று வந்தது. சில நாட்களிலேயே அந்த அரசாணை திரும்பப் பெறப்பட்டது. தி.நகர் இன்னும் சிக்கல். தி.நகர், டி.நகர், தியாகராய நகர் என்று தமிழிலேயே மூன்று. ஆங்கிலத்தில் Thyagaraya, Theagaraya என்று மேலும் இரண்டு.

'அடையார் ஆனந்த பவன்' ஊர் ஊராகப் போகவில்லையா என்று கேட்கலாம். அங்கே அடையாறோடு ஆனந்த பவனும் இருக்கிறது. வெறும் பேட்டையின் பெயரும் தொழிலின் பெயரும் மட்டும் என்றால், அது அந்தப் பேட்டையிலுள்ள எல்லோருக்கும் பொது. வர்த்தகச் சின்னச் சட்டமும், வெறும் இடத்தைக் குறிக்கும் பெயரை ஒருவருக்கு மட்டும் எளிதில் பதிவு செய்து கொடுப்பதில்லை. நாளைக்குப் பக்கத்துத் தெருவில் 'நியூ மயிலாப்பூர் டிராவல்ஸ்' வந்தால் தடுப்பது கஷ்டம். பேட்டையைப் பெயருக்குள் வைக்காமல், போர்டில் பெயருக்குக் கீழே சின்னதாக 'மந்தைவெளி' என்று போட்டால், தைரியமும் கிடைக்கும், தொல்லையும் இல்லை.

பல்லவன் சொன்ன பாடம்

சென்னையின் சாலைகளில் ஓடிய பெயர்களில் மறக்க முடியாதது 'பல்லவன்'. 1972-ல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் வந்தது. தலைவர்கள், மன்னர்கள் பெயரில் தமிழ்நாடெங்கும் பாண்டியன், சேரன், சோழன், கட்டபொம்மன், திருவள்ளுவர் என்று கழகங்கள் இருந்தன. 1997-ல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு கழகம் அறிவிக்கப்பட்டபோது தென்மாவட்டங்களில் சாதி மோதல் வெடித்தது. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் அந்தப் பெயர்களை அரசு எடுத்துவிட்டது. பல்லவன், மாநகர் போக்குவரத்துக் கழகம் ஆனது.

இரண்டு பாடங்கள் இதில் உண்டு. 'மாநகர் போக்குவரத்துக் கழகம்' என்று முழுதாகச் சொல்லி பஸ் ஏறுகிறவர் யாரும் இல்லை. 'பல்லவன்' ஒரே மூச்சில் வாயில் வந்தது. இப்போதும் பல்லவன் சாலையும் பல்லவன் இல்லமும் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஆக, சொல் சின்னதாக, படம் உள்ளதாக இருந்தால் காது விடாது. இன்னொரு பாடம், சிலரை அழைக்கும் பெயர் வேறு சிலரைத் தள்ளி நிறுத்தலாம் என்பது. கபாலீஸ்வரர் கோயிலும் சாந்தோம் தேவாலயமும் நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஊரில், எல்லா வீட்டு வாசலுக்கும் போகிற வண்டிக்குச் சாதி, மதம், கட்சி சாராத பெயர் வைப்பது பிழைப்புக்கும் நல்லது.

போன் சோதனை

அந்தத் தம்பதி கடைசியில் வீட்டுச் சொல் ஒன்றைப் பிடிக்கிறார்கள். வண்டி வந்து நிற்கும் இடம் எது? வாசல். 'வாசல் கார்ஸ்'. எழுத்து மூன்றுதான். மாமிக்கும் தெரியும், மூன்றாம் வகுப்புப் பேரனுக்கும் தெரியும். தமிழில் எழுதினால் வேறு மாதிரி படிக்க வழியில்லை. "வண்டி வாசலுக்கு வந்தாச்சா?" என்று வீட்டில் தினம் புழங்கும் சொல் என்பதால் தானே ஞாபகம் வரும்.

பிடித்துப்போனது என்பதற்காக வைத்துவிடக் கூடாது. அவர்கள் ஒரு சோதனை செய்கிறார்கள். மந்தைவெளி பஸ் நிலையத்துச் சத்தத்தில் நின்றுகொண்டு, ஐந்து பேருக்குப் போன் செய்கிறார்கள்: இரண்டு பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள், ஒருவர் வெளிநாட்டில் இருப்பவர், ஒருவர் தமிழ் அவ்வளவாகப் பேசாதவர், ஒருவர் கல்லூரி மாணவி. பெயரை ஒரே ஒரு தடவைதான் சொல்ல வேண்டும். "என்ன?" என்று திரும்பக் கேட்டால் அது ஒரு குறை. கேட்டதைக் கைபேசியில் ஆங்கிலத்தில் தட்டி அனுப்பச் சொல்கிறார்கள். மூன்று நாள் கழித்து, பெயரைச் சொல்லாமல், "அன்னிக்கு ஒரு கார் பேர் சொன்னேனே, என்ன?" என்று கேட்கிறார்கள்.

ஞாபகத்தில் எல்லோரும் தேறுகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். எழுத்தில் ஒரு பிரச்சினை தெரியும்: மூன்று பேர் Vasal என்றும் இரண்டு பேர் Vaasal என்றும் அனுப்புவார்கள். இதற்குப் பெயரைக் கைவிட வேண்டியதில்லை. போர்டு, பில், வாட்ஸப் எல்லாவற்றிலும் ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு, இணைய முகவரி வாங்குவதானால் இரண்டையும் வாங்கிவிடலாம். ஆனால் ஐந்து பேரும் ஐந்து விதமாக எழுதினால் அந்தப் பெயர் தேறாது. 'யாழ்', 'தாழம்பூ' மாதிரி ழகரம் வரும் அழகான பெயர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுமாறும்.

வேறு யாரிடம் இருக்கிறது?

அடுத்தது, அந்தப் பெயர் ஏற்கெனவே யாருடையதாவதா என்று பார்ப்பது. 'வாசல்' மாதிரி நல்ல சொல்லை இன்னொருவரும் நினைத்திருக்க வாய்ப்பு உண்டு. வர்த்தகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் பெயர் தேடுவது இலவசம். போக்குவரத்தும் பயண ஏற்பாடும் 39-ம் வகுப்பில் வரும். எழுத்தை வைத்துத் தேடுவதோடு நிற்காமல், ஒலியை வைத்துத் தேடும் Phonetic என்ற வசதியிலும் தேட வேண்டும். பிறகு கூகுள் மேப்பில் சென்னை முழுக்கத் தேட வேண்டும். பதிவே செய்யாமல் பல வருடமாக ஒருவர் அந்தப் பெயரில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால், முதலில் பயன்படுத்தியவர் என்ற உரிமை அவருக்கு இருக்கிறது.

தெளிவாக இருந்தால் விண்ணப்பிக்கலாம். தனிநபர், சிறு நிறுவனம் என்றால் இணையவழிக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். சென்னையில் பதிவகம் கிண்டியில் இருக்கிறது. பதிவானால் பத்து ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். சான்றிதழ் கைக்கு வர மாதங்கள் ஆகும். அதுவரை வண்டி ஓடாமல் இருக்க வேண்டியதில்லை.

பணம் அனுப்பும் திரை

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். திருப்பதி பயணத்துக்கு 2,000 ரூபாய் முன்பணம் அனுப்பச் சொல்கிறார்கள். வாடிக்கையாளர் எண்ணைப் போட்டால் திரையில் வேறு யாரோ ஒருவரின் பெயர் வருகிறது. கணவரின் தம்பி பெயரோ, மாமனார் பெயரோ. ஏமாற்றுச் செய்திகளைத் தினமும் படிக்கும் ஒரு பெண்மணி அந்த இடத்தில் விரலை எடுத்துவிடுவார். எடுப்பதுதான் சரி. நாமே வைத்துக்கொள்ளும் செல்லப் பெயர் இப்போது அங்கே காட்டாது. 2025 ஜூன் 30-க்குள் வங்கியிலுள்ள பெயரைத்தான் காட்ட வேண்டும் என்று யு.பி.ஐ.-யை நடத்தும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் செயலிகளுக்குச் சொல்லிவிட்டது.

அதனால் தொழில் பெயரிலேயே ஒரு நடப்புக் கணக்கு வேண்டும். தனிநபர் நடத்தும் தொழிலுக்கு, அந்தப் பெயரில் இரண்டு ஆவணங்களை வங்கி கேட்கும். உத்யம் பதிவு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், அது ஒன்று. ஜி.எஸ்.டி. பதிவோ, கடை நிறுவனப் பதிவோ இன்னொன்றாகும். இவை எல்லாவற்றிலும் 'வாசல் கார்ஸ்' என்பது ஒரே எழுத்தில் இருக்க வேண்டும். கூகுள் மேப்பிலும் அப்படியே. 'வாசல் கார்ஸ் சீப் டாக்ஸி மயிலாப்பூர் திருப்பதி' என்று நீட்டினால் முன்னால் வரும் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். உண்மையான பெயரைத் தவிர வேறு சேர்க்கக் கூடாது என்பது கூகுளின் விதி. மீறினால் பக்கத்தையே முடக்கலாம்.

பெயர் உடையும் இன்னொரு நாள், முகூர்த்த நாள். இரண்டு வண்டியும் போய்விட்டன, மூன்றாவதாக ஒரு பழைய வாடிக்கையாளர் கேட்கிறார். தெரிந்தவர் வண்டியை அனுப்புவது இந்தத் தொழிலில் வழக்கம். வேறு ஸ்டிக்கரோடு ஒரு வண்டி வந்து நின்றால், வாசலில் காத்திருக்கும் குடும்பத்துக்குத் திக்கென்று இருக்கும். முந்தின நாள் மாலையே, "நாளைக்கு எங்க வண்டி இல்லீங்கம்மா, தெரிஞ்சவர் வண்டி. இது நம்பர், இது டிரைவர் பேர், மஞ்சள் போர்டு வண்டிதான். எதுவானாலும் என்னைக் கூப்பிடுங்க" என்று மனைவி ஒரு போன் செய்துவிட்டால் போதும். அந்த வண்டியில் தவறு நடந்தாலும் கெடப்போவது 'வாசல்' பெயர்தான் என்பதால், யார் வண்டியை அனுப்புகிறோம் என்பதில் பெயரை வைப்பதைவிட அதிகக் கவனம் வேண்டும்.

பெயரால் ஆகக்கூடியது இவ்வளவுதான். தாமதமாக வரும் வண்டியை அது சீக்கிரம் கொண்டுவந்துவிடாது. நன்றாக ஓட்டுகிறவரின் நற்பெயர், வழியில் 'நியூ' பாலாஜிக்கும் 'ஓம்' பாலாஜிக்கும் சிதறாமல், அவர் வீட்டுக்கே வந்து சேரும்படி பார்த்துக்கொள்ளும்.

அதே தெற்கு மாட வீதி. "காஞ்சிபுரம் போக யாரைக் கூப்பிடலாம் மாமி?"

"வாசல்."

"என்ன மாமி, வாசலா?"

"ஆமாம்மா, வாசல். வாசலுக்கு வந்து நிக்கும். போட்டுப் பாரு, பணம் அனுப்பறப்பவும் அதே பேர்தான் வரும்."